800 டாலர் 58,743 ரூபாயான கணக்கு

கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் வீட்டின் மாடி அறையிலிருந்து நான் இணையதளங்கள் அமைத்துக் கொடுக்கிறேன். 2024 மே மாதத்தில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஒரு பல் மருத்துவமனைக்கு 800 டாலருக்கு வேலை முடித்தேன். அன்றைய டாலர் மதிப்பு ஏறக்குறைய 83.40 ரூபாய் என்பதால் 66,720 ரூபாய் வரும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். கணக்கில் வந்து சேர்ந்ததோ 58,743 ரூபாய். ஏறத்தாழ 8,000 ரூபாயைக் காணவில்லை.

வேலையைப் பெற்றுத் தந்த தளம் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதாவது 80 டாலர், ரூபாயில் 6,672. பணத்தை வெளியே எடுப்பதற்கான கட்டணம் 99 சென்ட், அது 83 ரூபாய்க்குள் அடங்கிவிடும். இரண்டையும் கழித்த பிறகும் 1,222 ரூபாய் குறைந்தது. காங்கேயத்துக்குக் கொப்பரை அனுப்பும் என் அப்பா, ஈரம் என்று சொல்லிக் கழிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் காரணம் கேட்பவர். அவர் மகனாக இருந்துகொண்டு 1,222 ரூபாயைக் காரணம் தெரியாமல் விட எனக்கு மனமில்லை.

வங்கிதான் எடுத்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு மறுநாள் கிளைக்குச் சென்றேன். அந்நியச் செலாவணி மாற்றத்துக்கு வங்கிகள் தம் சொந்த விகிதத்தை வைப்பதும், அதன் மேல் ஜிஎஸ்டி பிடிப்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே எந்த விகிதம் போட்டீர்கள் என்று கேட்டேன். அந்த அலுவலர் என் கணக்கைத் திரையில் பார்த்துவிட்டு, “தம்பி, இது நெஃப்ட்ல வந்த ரூபாய். எங்க கைக்கு டாலரே வரலையே, நாங்க எதை மாத்தறது?” என்றார். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று, அதாவது எஃப்ஐஆர்ஏ, வேண்டும் என்று கேட்டதற்கும் அதே பதில்தான்: டாலரை வாங்கிய வங்கி எதுவோ அதுதான் அதைத் தர முடியும்.

எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். ‘உள்ளூர் வங்கிக்கு அனுப்பு’ என்ற வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, தளமும் அதன் பணப்பரிமாற்றக் கூட்டாளியும் நமக்கு அனுப்புவதற்கு முன்பே டாலரை ரூபாயாக்கிவிடுகின்றன. பிறகு அந்த ரூபாய் இந்தியாவில் உள்ள ஒரு கூட்டாளி வங்கி வழியாகச் சாதாரண உள்நாட்டுப் பரிமாற்றமாக நம் கணக்குக்கு வருகிறது. 99 சென்ட் என்ற கட்டணம் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அவர்களின் உண்மையான வருமானம் மாற்று விகிதத்துக்குள் இருப்பதே. தளத்தின் பரிவர்த்தனை விவரத்தைத் திறந்து பார்த்தேன். 719.01 டாலரை ரூபாயாக்கிய விகிதம் 81.70 என்று சிறிய எழுத்தில் இருந்தது. 83.40-க்கும் அதற்கும் இடையில் 1.70 ரூபாய் வித்தியாசம், அதாவது 2 சதவீதம். 719.01-ஐ 1.70-ஆல் பெருக்கினால் அதே 1,222 ரூபாய். காணாமற்போன கடைசி ரூபாய் வரை கணக்கு நேரானது.

இதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வந்து சேர்ந்த ரூபாயை, தளத்திலிருந்து வெளியேறிய டாலரால் வகுத்தால் நமக்கு உண்மையில் கிடைத்த விகிதம் வரும். அதை, சந்தை விகிதங்களை வெளியிடும் எஃப்பிஐஎல் நிறுவனத்தின் அன்றைய குறிப்பு விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். வேலைநாட்களில் வெளியாகும் இந்த விகிதம் தனிமனிதர் எவருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. அளவுகோலாக மட்டுமே அது பயன்படும். வித்தியாசம் அரை சதவீதத்தை ஒட்டி இருந்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

அடுத்து, டாலரை டாலராகவே, வங்கிகளுக்கிடையிலான சர்வதேசப் பரிமாற்ற முறையான ஸ்விஃப்ட் வழியாக வரவழைத்து என் வங்கியிலேயே மாற்றிக்கொண்டால் என்ன என்று கணக்குப் போட்டேன். தளம் அதற்கு 30 டாலர் கேட்டது. வழியில் உள்ள இடைநிலை வங்கி தன் பங்குக்குக் கழித்துக்கொள்ளும். எவ்வளவு என்பது பணம் வந்த பிறகுதான் தெரியும். முன்பு நேரடி வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வந்த தொகையில் 15 டாலர் குறைந்திருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன். கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையும் உண்டு. ஆனால் தளம் அனுப்பும்போது அதைத் தேர்ந்தெடுக்க நமக்கு வாய்ப்பில்லை. ஆக 720-இல் 675 டாலர் மீதம். வங்கி சொன்ன டிடி வாங்கும் விகிதம், அதாவது மின்வழியில் வரும் டாலரை அது வாங்கும் விலை, 82.90. அப்படியானால் 55,957 ரூபாய். மாற்றும் தொகை ஒரு லட்சம் வரை இருந்தால் அதில் ஒரு சதவீதத்தை மதிப்பாகக் கொண்டு, அந்த மதிப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதால் இன்னும் 100 ரூபாய் போகும். விகிதம் நல்லதாக இருந்தும் கைக்கு வருவது 55,857 ரூபாய்தான். நான் திட்டிக்கொண்டிருந்த வழியைவிட இது ஏறக்குறைய 2,900 ரூபாய் குறைவு என்று கண்டபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

காரணம் எளிது. ஸ்விஃப்டில் 45 டாலர் நிலையான செலவு. தொகை சிறிதாக இருந்தால் அது விகிதத்தில் கிடைக்கும் இலாபத்தை விழுங்கிவிடுகிறது. என் எண்களை வைத்துப் பார்த்தால் இரண்டு வழிகளும் சமமாவது ஏறக்குறைய 3,300 டாலரில். அதற்குக் கீழே உள்ளூர் வழி, மேலே ஸ்விஃப்ட். என் வருமானத்துக்கு 3,300 டாலர் சேர நான்கு மாதங்களுக்கு மேல் ஆகும். அத்தனை நாள் பணத்தைத் தளத்தின் கையில் விட்டுவைக்க எனக்குத் துணிவில்லை. கணக்கை எந்தக் காரணத்துக்காவது முடக்கினால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். வாடிக்கையாளரைத் தளத்துக்கு வெளியே அழைத்துச் சென்று பணம் வாங்குவது ஒப்பந்த மீறல் என்பதால் அதை நான் யோசிக்கவில்லை.

சான்றை மட்டும் விடவில்லை. தளத்தின் உதவிப் பிரிவுக்கு நெஃப்ட் பரிவர்த்தனையின் அடையாள எண்ணான யுடிஆர் எண்ணை அனுப்பிக் கேட்டேன். முதல் பதில் பொதுவான வழிகாட்டிப் பக்கத்தின் இணைப்பு. இரண்டாம் முறை, கூட்டாளி வங்கியின் எஃப்ஐஆர்ஏ தேவை என்று பெயர் சொல்லிக் கேட்ட பிறகு பத்து நாட்களில் வந்தது. நோக்கக் குறியீடு P0802, அதாவது மென்பொருள் ஆலோசனைச் சேவை, என்று சரியாகவே இருந்தது. வந்தது ஏற்றுமதி வருமானம் என்று காட்ட வேண்டிய இடத்தில் இந்தத் தாள்தான் நிற்கும். வங்கிப் பாஸ்புக்கில் அது வெறும் உள்நாட்டு வரவாகவே தெரிகிறது.

எஞ்சியது விலையைத் திருத்துவதுதான். இதிலும் முதலில் தவறினேன். 10 சதவீதம் போகிறது, ஆகவே 10 சதவீதம் கூட்டுவோம் என்று 880 டாலர் சொல்லப் பார்த்தேன். ஆனால் 880-இல் 10 சதவீதம் 88 என்பதால் மிஞ்சுவது 792. கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 800-ஐ முதலில் 0.90-ஆலும், மாற்று விகிதத்தில் போகும் 2 சதவீதத்துக்காக மீண்டும் 0.98-ஆலும் வகுத்தால் 907 வருகிறது. ஜூன் மாதத்தில் அதே அளவு வேலைக்கு இன்னொருவரிடம் 910 என்று சொன்னேன். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். தளம் 91 டாலரும் 99 சென்ட்டும் கழித்தது, விகிதம் 81.80 போட்டது. அந்த வேலைக்கு என் கணக்கில் வந்தது 66,913 ரூபாய்.