அம்மாவின் தலைசுற்றலுக்கு ஒரு பக்க எப்லி ஷீட்: செய்து பார்த்த அனுபவம்

அம்மாவுக்கு இருப்பது பிபிபிவி என்ற உள்காதுத் தலைசுற்றல், அதுவும் வலது காதில், என்று காது மூக்கு தொண்டை டாக்டர் உறுதிப்படுத்திவிட்டார். படுக்கும்போது, வலது பக்கம் புரளும்போது, பரணில் இருக்கிற டப்பாவை அண்ணாந்து தேடும்போது, இந்த மூன்று நேரத்தில்தான் அறை சுற்றும், அதுவும் அரை நிமிடத்தில் நின்றுவிடும். உள்காதில் ஓர் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் கழன்று, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. தலை சாயும்போது அவை உருண்டு, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்த் தகவல் போகிறது. அமெரிக்காவில் எப்லி என்ற டாக்டர் 1992ல் வெளியிட்ட முறையில் தலையை வரிசையாகத் திருப்பினால் துகள்கள் குழாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். கிளினிக்கில் ஒரு தடவை செய்துவிட்டு, மீதியை வீட்டில் செய்யுங்கள் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள்.

அந்தத் தாளில் 45 டிகிரி, 90 டிகிரி என்றிருந்தது. படுத்துக்கொண்டு, கண்முன் எல்லாம் சுழல்கிற நேரத்தில் டிகிரியை யார் பார்ப்பது? இடது வலதே அப்போது குழம்பும். அதனால் எங்கள் அறையில் இருக்கிற பொருள்களை வைத்தே ஒரு ஷீட் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கட்டிலை இடது பக்கச் சுவரிலிருந்து இழுத்துப் போட வேண்டியிருந்தது. வலது காதுக்குச் செய்யும்போது கடைசியில் இடது பக்கமாகத்தான் எழுந்து உட்கார வேண்டும், அங்கே சுவர் இருந்தால் காலைத் தொங்கவிட இடமில்லை. அப்புறம் தலையணை. அது தலைக்கு இல்லை, தோளுக்குக் கீழே. தலை மெத்தையில் படும்போது கொஞ்சம் பின்னால் சரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இலவம்பஞ்சுத் தலையணை உயரம் அதிகமாகிக் கழுத்து அண்ணாந்து தொங்கியது, ஆகவே போர்வையை மடித்து வைத்தோம். அதுவே சரியாக இருந்தது.

இப்போது அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்கிறார். எதிரே காலண்டர், வலது பக்கச் சுவரில் ஜன்னல், இரண்டுக்கும் நடுவே மூலையில் பீரோ. ஷீட்டில் முதல் வரி, "மூக்கு பீரோவைப் பார்க்கட்டும்." அதுதான் 45 டிகிரி. இரண்டாவது, "அதே திருப்பத்தோடு சட்டென்று மல்லாக்கப் படு, இப்போது ஜன்னலுக்கு மேலே கூரையும் சுவரும் சேரும் இடம் தெரியும்." இங்கேதான் சுற்றல் வரும். மூன்றாவது, "தலையைத் தூக்காமல் இடது பக்கம் திருப்பு, பரண் தெரியும்." நான்காவது, "உடம்பையும் இடது தோள் மேல் புரட்டு, மூக்கு கீழே கிடக்கிற செருப்பைப் பார்க்கட்டும்." ஐந்தாவது, "தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்து, இடது பக்கமாகவே எழுந்து உட்கார்." அம்மாவுக்கு இது பீரோ, ஜன்னல், பரண், செருப்பு என்று வாய்ப்பாடாகிவிட்டது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் ஷீட்டை அதிகம் அடித்துத் திருத்தினேன். வெறும் 30 நொடி என்று எழுதினால் சுற்றல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததுக்குப் போய்விடத் தோன்றும். டாக்டர் சொன்னபடி, "சுற்றல் முழுசாக நின்ற பிறகு இன்னும் 30 நொடி" என்று மாற்றினேன். அம்மா கண்ணை மூடத்தான் பார்ப்பார், ஆனால் திறந்து வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு நிலவரம் தெரியும். படுத்ததும் ஓரிரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் கருவிழி வலது காதுப் பக்கமாகச் சுழன்று சுழன்று வெட்டி இழுக்கிறது, வேகம் குறைந்து நிற்கிறது. பரணைப் பார்க்கும்போது லேசாக அதே மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம், துகள்கள் நகர்கின்றன என்றுதான் பொருள்.

எழுந்து உட்காரும் நொடியில் சிலருக்குப் பின்னால் யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருக்குமாம். அம்மாவுக்கும் ஒரு தடவை வந்தது; கட்டிலின் இடது பக்கத்தில் நான் நின்று தோளைப் பிடித்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. தனியாகச் செய்யக் கூடாது என்ற வரியைச் சிவப்பில் எழுதியது அதற்குப் பிறகுதான். சாப்பிட்டவுடன் செய்யாதே, குமட்டலுக்கு ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும், முடித்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழு என்பவையும் அதோடு சேர்ந்தன. ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள், இப்போது அது தேவையில்லை என்றார் டாக்டர்.

இரவு படுக்கும் முன் மூன்று சுற்று, ஒரு முழு நாள் சுற்றலே இல்லாமல் போகும் வரை. முதல் சுற்றில் பலமாக வருவது மூன்றாவதில் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். சில நாளில் புரண்டு படுத்தாலும் ஒன்றுமில்லை என்ற நிலை வந்தது, நடக்கும்போது மட்டும் மிதக்கிற மாதிரி கொஞ்ச நாள் நீடித்தது. அது தானாகப் போய்விடும், அதற்காக எப்லியைத் தொடர வேண்டாம்.

நடுவில் ஒரு நாள் கதை மாறியது. மல்லாக்கப் படுத்தபடி தலையை வலது பக்கம் திருப்பினாலும் சுற்றல், இடது பக்கம் திருப்பினாலும் சுற்றல், முன்பைவிட நீளமாக, பலமாக. ஷீட்டை ஓரம் வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனோம். துகள்கள் வெளியேறும் வழியில் இன்னொரு அரைவட்டக் குழாயான பக்கவாட்டுக் குழாய்க்குள் புகுந்துவிட்டன, இது நடக்கக்கூடியதுதான், ஆனால் எப்லி இதற்கு உதவாது என்று சொல்லி, உடம்பையே முழுச்சுற்று உருட்டும் வேறு முறையைச் செய்து சரிசெய்தார். "இரண்டு பக்கமும் சுற்றினால் நிறுத்து, போன் செய்" என்று ஒரு வரி கூடியது.

எதிர்வீட்டு அக்கா இதைக் கேள்விப்பட்டு, "தம்பி, எனக்கும் தலை சுத்துது, ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடேன்" என்றார். எப்போது சுற்றுகிறது என்று கேட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்கும்போதாம், படுக்கையில் புரண்டால் ஒன்றும் இல்லையாம், போதாததற்குக் கழுத்துத் தேய்மானம், கை மரத்துப்போகிறது. "அக்கா, இது அந்தச் சுற்றல் மாதிரி தெரியலை, பிரஷர் பார்க்கணும், அதுவும் இந்தக் கழுத்தோட இதைச் செய்யவே கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு.

அதன் பிறகு ஷீட்டின் தலைப்பையே மாற்றினேன். மேலே பெரிய எழுத்தில் "அம்மா, வலது காது மட்டும்." அதற்குக் கீழே கழுத்து எலும்புப் பிரச்சனை, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு, விழித்திரை விலகல், சமீபத்தில் கண் ஆபரேஷன் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யாதே என்று. அதற்கும் கீழே கட்டம் போட்டு, பேச்சு குழறுதல், இரட்டையாகத் தெரிதல், ஒரு பக்கம் கை கால் மரத்தல், புதிதாக வந்த கடுமையான தலைவலி, திடீரென்று காது கேளாமை, அசையாமல் இருந்தாலும் நிற்காத சுற்றல், நிற்கவே முடியாத தள்ளாட்டம். இதில் ஒன்று வந்தாலும் ஷீட்டை மறந்துவிட்டு நேரே அவசரப் பிரிவு. பக்கவாதம் சில சமயம் தலைசுற்றலாகத்தான் ஆரம்பிக்கும்.

திரும்ப வருவது இந்த நோயில் சகஜம், அடுத்த தடவை இடது காதிலும் வரலாம். அப்போது எல்லாம் தலைகீழ்: பீரோ பக்கம் பார்த்தவர் எதிர்ப் பக்க மூலையைப் பார்க்க வேண்டும், எழுவதும் வலது பக்கமாக. இரண்டாவது ஷீட்டை எழுதி முடித்துவிட்டேன், ஆனால் எந்தக் காது என்று டாக்டர் மறுபடி சோதித்துச் சொல்லும் வரை அது என் அலமாரியில்தான் இருக்கும், அம்மா கையில் கொடுக்கப் போவதில்லை.