'கரண்ட்' என்று ஒரு தலைப்பு

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளன் நான். கும்பகோணத்துப் பையன்கள் நாலு பேர் குறும்படத் திரைக்கதையோடு வந்தார்கள். "தப்பு இருந்தா சொல்லுங்க சார்." தலைப்பு 'கரண்ட்'. ராத்திரி மோட்டார் போட மும்முனை மின்சாரத்துக்குக் காத்திருக்கும் விவசாயி, மனசு சரியில்லாமல் போய் ஆஸ்பத்திரியில் ஷாக் வாங்குகிறான். ரெண்டு கரண்டும் ஒரே சொல்லில். நல்லாத்தான் இருக்கு என்று நானே சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஓ.பி.யில், திருவையாறு பக்கத்திலிருந்து ஓர் அம்மா. கடுமையான மனச்சோர்வில் மகன் பேச்சையும் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டான். மின்னதிர்வு சிகிச்சை தரலாம் என்றார் டாக்டர். அம்மா ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "கரண்ட் வக்கிறது எப்படின்னு சினிமால பாத்திருக்கேன் சார். புள்ள தாங்க மாட்டான்."

அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஆபரேஷனுக்குப் போல வெறும் வயிறு. மயக்க ஊசி, பிறகு தசையைத் தளர்த்தும் மருந்து. அதற்கு முன்பே ஒரு கணுக்காலில் பி.பி. பார்க்கும் பட்டையை இறுக்கிவிடுவார்கள். மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாது. மின்சாரம் சில நொடிதான். வலிப்பு மூளையில் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உடம்பு அப்படியே கிடக்க, அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். அதைப் பார்த்துத்தான் நொடி எண்ணுவார்கள். அப்புறம் கொஞ்ச நாள் மறதி இருக்கும், சில நினைவுகள் திரும்பாமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே பையன்களைக் கூப்பிட்டேன். அவர்கள் காட்சியில் நாயகன் வார்டில் ஒருவரை அடிக்கிறான். அதற்காக நாலு பேர் பிடித்து அமுக்கி, விழித்திருக்கும்போதே ஷாக் வைக்கிறார்கள். மயக்கமும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இதைச் செய்வதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதைவிடப் பெரிய கோளாறு, சிகிச்சையைத் தண்டனையாகக் காட்டுவது. "அது இல்லேன்னா சீன்ல என்ன சார் இருக்கு?" என்றான் கேமராக்காரன். அந்தப் பாதத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "க்ளோசப் வைக்கலாம் சார்" என்றான்.

மாற்றுத் தலைப்பாக 'லூசு' என்றார்கள், கிண்டலுக்குத்தானாம். எங்கள் பக்கம் டீக்கடையில் பட்டப்பெயர் வைக்க ஒரு நாள் போதும். தலைப்பை ஒருத்தன் பேருக்கு முன்னால் ஒட்டிப் பார். ஒட்டினால் விட்டுவிடு என்றேன். 'கரண்ட்' முருகன்! அதுவும் ஒட்டியது. 2019-இல் 'மென்டல் ஹை க்யா' என்ற இந்திப் படத்துக்கு மனநல மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது 'ஜட்ஜ்மென்டல் ஹை க்யா' ஆனது. மாறியது ஒரு சொல்தான். எங்கள் பையன்கள் காட்சியை முதலில் திருத்தினார்கள். அதில் நாயகன் வீடு திரும்பி, பழையபடி மோட்டார் கொட்டகையில் படுத்துக் காத்திருக்கிறான்.

'மோட்டார் கொட்டகை' என்றே வைத்தார்கள். பழைய தலைப்பில்தான் பன்ச் இருந்தது என்று கேமராக்காரன் இன்னும் சொல்கிறான். இருந்தது, உண்மைதான்.