ஒரே மோட்டார், ஆறு கால்: மினி ப்ராஜெக்ட்டும் வைவாவும்

மெக்கானிக்கல் படிப்பவர்களில் பலர் மினி ப்ராஜெக்ட்டாக ஆறு கால் நடக்கும் ரோபோவை எடுக்கிறார்கள். ஒரே மோட்டார், சில கிராங்குகள், அக்ரிலிக்கில் வெட்டிய லிங்குகள் இருந்தால் போதும், செலவும் குறைவு. எங்கள் குழுவும் அதைத்தான் எடுத்தது. வைவாவில் கேட்ட கேள்விகள் அனேகமாக எல்லாமே பாதம் போகும் பாதையைச் சுற்றித்தான் வந்தன. அதனால் லிங்க் வெட்டுவதற்கு முன் அந்தப் பாதையை வரைந்துவிடுங்கள். மோட்டார் திணறுமா, உடம்பு குதிக்குமா, பாதம் வழுக்குமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு கால்களை இரண்டு முக்காலிகளாகப் பிரிக்கிறோம். இடது முன், இடது பின், வலது நடு மூன்றும் ஒரு சட்டம். மீதி மூன்றும் இன்னொரு சட்டம். முன்னும் பின்னும் இருக்கும் சம அளவுக் கிராங்குகள் ஒவ்வொரு சட்டத்தையும் சாயாமல் சுற்றுகின்றன. இரண்டு சட்டங்களின் கிராங்குகளுக்கும் இடையே 180 டிகிரி வித்தியாசம். இதில் ஒவ்வொரு பாதமும் ஒரு வட்டம் போடும். வட்டத்தின் கீழ்ப்பாதி தரையில், மேல்பாதி காற்றில்.

கிராங்க் நீளம் 15 மி.மீ., மொத்த எடை 1.2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்காலி மாறும் கணத்தில் கிராங்க் படுக்கையாக இருக்கும். அங்கிருந்து கால் சுற்று போவதற்குள் உடம்பு முழுவதும் 15 மி.மீ. மேலே ஏற வேண்டும், அடுத்த கால் சுற்றில் அதே அளவு இறங்கும். மாறும் கணத்தில் மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை 1.2 × 1.5 = 1.8 கி.கி.-செ.மீ. அந்தக் கணத்தில் பாதத்தின் கிடைமட்ட வேகம் பூஜ்ஜியம் என்பதால் ரோபோ ஒவ்வொரு அரைச் சுற்றிலும் நின்று நின்றுதான் போகும். சின்ன மஞ்சள் கியர் மோட்டார் போட்ட ரோபோ அரைச் சுற்றுக்கு ஒருமுறை திணறி நின்றால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நாம் தேடுவது, கிராங்கின் அரைச் சுற்று முழுவதும் பாதம் நேர்கோட்டில் போகும் ஒரு லிங்கேஜ். ரஷ்யக் கணித மேதை செபிஷேவ் இதற்கு நான்கு லிங்குகளில் விடை கண்டார். அதை வைத்து அவர் அமைத்த நான்கு கால் நடை இயந்திரம் 1878இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அளவு விகிதம் எளிது. கிராங்க் 1, இரண்டு நிலைப்புள்ளிகளுக்கு இடையே 2, ராக்கர் 2.5, கப்ளர் 5. ராக்கர் தன் நிலைப்புள்ளியைச் சுற்றி ஆடும், கப்ளரின் சரிநடுவில் சேரும். கப்ளரின் ஒரு முனை கிராங்க் முனையோடு சேரும், மறுமுனைதான் பாதத்தின் பாதையை வரையும். 15 மி.மீ. கிராங்குக்கு இவை 30, 37.5, 75 மி.மீ. ஆகும்.

பாதையைக் கணக்கிடப் பத்தாம் வகுப்பு வடிவியல் போதும். கப்ளரின் நடுப்புள்ளியிலிருந்து கிராங்க் முனை, ராக்கரின் நிலைப்புள்ளி, கப்ளரின் மறுமுனை மூன்றுமே 2.5 தூரத்தில் இருக்கின்றன. அதாவது மூன்றும் ஒரே வட்டத்தில், கப்ளர் அதன் விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால் ராக்கர் நிலைப்புள்ளியில் எப்போதும் 90 டிகிரி. அதிலிருந்து கப்ளர் மறுமுனையின் இடம் வந்துவிடுகிறது:

```
k = sqrt((20 + 4 cos θ) / (5 − 4 cos θ))
x = k sin θ
y = k (2 − cos θ)
```

θ என்பது ராக்கர் நிலைப்புள்ளி இருக்கும் திசையிலிருந்து கிராங்க் திரும்பிய கோணம். x, y இரண்டும் ராக்கர் நிலைப்புள்ளியிலிருந்து அளந்தவை. 90 டிகிரியில் x = 2, y = 4. 180இல் x = 0, y = 4. 270இல் x = −2, y = 4. இடையில் 135 டிகிரியில் y கிட்டத்தட்ட 4.01. நம் அளவில் இது 0.15 மி.மீ. விலகல்தான், அக்ரிலிக் துளையின் ஆட்டமே அதைவிட அதிகமாக இருக்கும். திரும்பி வரும் வழியில் θ = 0 ஆகும்போது y = 4.9, அதாவது 13.5 மி.மீ. உயரம்.

வட்டப் பாதையோடு ஒப்பிடுங்கள். அங்கே ஓர் அடிக்கு 30 மி.மீ., இங்கே 60 மி.மீ. ஒரு சுற்றுக்கு 120 மி.மீ. என்பதால் 30 ஆர்.பி.எம். மோட்டாரில் நொடிக்கு 60 மி.மீ. நடக்கும். உடம்பு ஏறி இறங்குவதில்லை, எனவே சமதரையில் மோட்டாருக்கு உராய்வைச் சமாளிக்கும் வேலைதான் பெரும்பாலும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் முக்காலி மாறும் கணம். தரையை விடும் பாதமும் தரையைத் தொடும் பாதமும் அப்போது ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகின்றன. அதனால் வழுக்கல் இல்லை, நடை நிற்பதும் இல்லை.

மாட்டும் திசையில் கவனம் வேண்டும். கப்ளரின் மறுமுனை நிலைப்புள்ளிகளுக்கு மேலே இருக்க வேண்டும். முக்காலிச் சட்டத்தை அந்த முனைகளில் பொருத்தி, கால்களைக் கீழே தொங்கவிட வேண்டும். கீழ்நோக்கி மாட்டினால் நேர்கோட்டைவிடத் திரும்பும் வளைவு தாழ்ந்துவிடும். ரோபோ அந்த வளைவின் மேல் குதித்துக் குதித்து எதிர்த்திசையில் போகும். இரண்டு சட்டங்களின் குறுக்குப் பட்டைகளும் நடுக்காலுக்காக ஒன்றையொன்று தாண்டுகின்றன. தடிமன் போக 15 மி.மீ. இடைவெளியாவது விட்டால்தான் அவை உரசாது.

அடுத்தது சமநிலை. மூன்று பாதங்களின் முக்கோணத்துக்குள் எடைமையம் விழ வேண்டும். முன்கால் பின்கால் இடைவெளி L என்றால், உடம்பின் நடுக்கோட்டில் முக்கோணத்தின் அகலம் L/2, அதாவது முன்னும் பின்னும் L/4. நடக்கும்போது முக்கோணம் உடம்பைவிட்டு 30 மி.மீ. முன்னும் பின்னும் நகர்கிறது. ஆகவே L/4 என்பது 30ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும், L குறைந்தது 120 மி.மீ. அதாவது கிராங்கைப்போல் எட்டு மடங்கு. 160 வைத்தால் இருபுறமும் 10 மி.மீ. மிஞ்சும். பேட்டரியை நடுவில் வைக்கச் சொல்வது இதனால்தான். ஒவ்வோர் அடியின் முடிவிலும் ரோபோ மூக்கைக் குத்தினால் எடைமையம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இனி வைவாவில் எங்களை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி. ஒரு சட்டத்துக்கு லிங்குகள் எட்டு: உடம்பு, சட்டம், இரண்டு கிராங்க், இரண்டு கப்ளர், இரண்டு ராக்கர். மூட்டுகள் பத்து. ஓர் அமைப்பு எத்தனை விதமாகத் தனித்து நகரலாம் என்று சொல்லும் குட்ஸ்பாக் விதிப்படி 3(8 − 1) − 2 × 10 = 1. ஆனால் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் செயினால் பூட்டியிருக்கிறோம். அது ஒன்றைக் குறைத்தால் விடை 0. விதிப்படி நகரவே கூடாது. மேசைமேல் அது நடந்துகொண்டிருக்கிறது. ஏன்?

முன் லிங்கேஜும் பின் லிங்கேஜும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவு என்பதுதான் காரணம். இரண்டு கப்ளர் முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் மாறவே மாறாது. எனவே செயின் போடும் கட்டுப்பாடு ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது, விதி அதை இரண்டாவது முறை எண்ணுகிறது. அப்படியானால் செயின் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். சுமை இரு ஷாஃப்ட்டுக்கும் பகிரப்படவும், துளை ஆட்டத்தால் பின் கிராங்க் கட்டம் தவறாமல் இருக்கவும்.

செய்முறையில் இதன் விலை துல்லியம். அளவு கொஞ்சம் பிசகினாலும் விதி சொன்னபடியே இறுகிவிடும். ஜோடி லிங்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே முறையில் துளையிடுங்கள். மோட்டாரை மாட்டுவதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே கோணத்தில் மட்டும் இறுகினால் நீளம் அல்லது செயின் பல் பிசகு. சுற்று முழுவதும் கனமாக இருந்தால் போல்ட் இறுக்கம் அல்லது வாஷர் உராய்வு.

திரும்ப முடியுமா என்றும் கேட்பார்கள். இந்த வடிவத்தில் முடியாது. இடமும் வலமும் ஒரே சட்டத்தில் இணைந்திருப்பதால் ஒரு பக்கத்தை மட்டும் வேகமாக்க வழியில்லை. திரும்ப வேண்டுமென்றால் சட்டத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு காலுக்கும் தனி லிங்கேஜ், பக்கத்துக்கு ஒரு மோட்டார் என்று போக வேண்டும். அப்போது இரு பக்கமும் எதிர்க் கட்டத்தில் இருப்பதை உறுதிசெய்ய ஷாஃப்ட்டில் சென்சாரும் தேவைப்படும்.