டவுன் ஜாக்கெட்டை வீட்லயே துவைச்சு பார்த்தேன்: 3 நாள், ஒரு கிச்சன் தராசு

டிசம்பர்ல உத்தராகண்ட்ல இருக்கிற கேதார்காந்தா மலைக்கு ட்ரெக் போயிட்டு வந்ததுல இருந்தே என் டவுன் ஜாக்கெட், அதாவது வாத்து மெல்லிறகு அடைச்ச குளிர் ஜாக்கெட், ஒரு மாதிரி சப்பையாதான் கிடந்துச்சு. அடிவாரத்துல சங்க்ரிங்கிற ஊர்ல நாங்க தங்கின வீட்டு அடுப்புப் புகை, காலர்ல சன்ஸ்க்ரீன், 5 நாள் வேர்வை எல்லாமே அதுலதான் இறங்கிருக்கு. வந்த உடனே துவைக்காம ஒரு சின்ன பைக்குள்ள அமுக்கி வச்சு 2 மாசம் அப்படியே விட்டுட்டேன், அது தப்பு. மார்ச் மாசம் கோயம்புத்தூர்ல காத்து நல்லா காய்ஞ்சு இருக்கும், அதனால அப்பவே துவைச்சிரலாம்னு முடிவு பண்ணேன். வீட்ல டிரையர் கிடையாது. நம்ம ஊர்ல முக்கால்வாசி வீட்ல அதே நிலைமைதான், அதனால டிரையர் இல்லாம எப்படி காய வச்சேன்ங்கிறதைத்தான் இங்க விரிவா எழுதுறேன்.

துவைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துக்கணும். ஜாக்கெட் சப்பையாக 2 காரணம் இருக்கலாம், ஒண்ணு அமுங்கிக் கிடந்தது, இன்னொண்ணு அழுக்கு. அமுங்கினது மட்டும்னா ஹேங்கர்ல மாட்டி அப்பப்ப உதறி விட்டாலே ஒரு நாள் ரெண்டு நாள்ல தானா உப்பிரும், துவைக்கவே வேண்டாம். நான் 2 நாள் மாட்டி வச்சேன். முதுகுப் பக்கம் நல்லாவே எழும்புச்சு, ஆனா காலர், தோள்பட்டை, கைமுட்டிக்குப் பின்னாடி மட்டும் எழவே இல்ல. விரலால தடவினா உள்ள பஞ்சு நூல் நூலா திரிஞ்ச மாதிரி தெரிஞ்சுது. உடம்பு எண்ணெய் படுற இடமெல்லாம் அதுதானே, அப்ப இது அழுக்குதான்னு உறுதியாச்சு.

டவுன்ங்கிறது வாத்தோட நெஞ்சுப் பக்கம் வெளி இறகுக்கு அடியில இருக்கிற பூ மாதிரியான மெல்லிறகு. நடுவுல கெட்டியான தண்டு கிடையாது, ஒரு புள்ளில இருந்து நாலாபக்கமும் இழை விரிஞ்சு நிக்கும், அந்த இழைகளுக்கு நடுவுல சிக்குற காத்துதான் குளிரைத் தடுக்குது. எண்ணெய் பட்டா இழைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், காத்துக்கு இடம் போயிரும். அப்ப நம்ம வேலை எண்ணெயை எடுக்கணும், ஆனா இழையைக் கெடுக்கக்கூடாது, இவ்வளவுதான்.

சோப்பு விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் நான் முன்னாடி ஒரு தடவை பட்டிருக்கேன். 3 வருஷத்துக்கு முன்னாடி என்னோட பழைய ஜாக்கெட்டை வீட்ல இருந்த சாதாரண லிக்விட் டிடர்ஜென்ட்ல துவைச்சு, வாசனையா இருக்கட்டும்னு துணியை மிருதுவாக்குற கண்டிஷனரும் கொஞ்சம் ஊத்திட்டேன். காய்ஞ்ச பிறகும் அது பழையபடி எழவே இல்ல. காரணம் பிறகுதான் புரிஞ்சுது. நிறைய டிடர்ஜென்ட்ல புரதத்தை உடைக்கிற என்சைம் இருக்கும், ரத்தக்கறை சாப்பாட்டுக்கறை போறதுக்காக. டவுனும் நம்ம முடி நகம் மாதிரி கெராட்டின்ங்கிற புரதம்தான், பட்டுப்புடவைக்கும் கம்பளிக்கும் அந்த டிடர்ஜென்ட் வேண்டாம்னு சொல்றது இதுக்குத்தான். பவுடர் வகை நிறைய காரத்தன்மை உள்ளது, அதுவும் இழையை வறட்சியாக்கி முறுமுறுன்னு ஆக்கும். கண்டிஷனர் இன்னும் மோசம், அதோட வேலையே இழை மேல வழவழன்னு ஒரு படலம் பூசுறதுதான், நாம எந்த எண்ணெயை எடுக்கணும்னு நினைக்கிறோமோ அதே மாதிரி ஒண்ணை நாமளே திரும்ப பூசுறோம்.

அதனால இந்த தடவை டவுனுக்குன்னே விக்கிற வாஷ் ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் ரெண்டு கம்பெனியும் இதுக்குன்னு தனியா வச்சிருக்காங்க. விலை கூடத்தான், ஆனா ஒரு பாட்டில் பல தடவைக்கு வரும், வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல துவைக்கவும் தேவையில்ல. அது கிடைக்கலன்னா கம்பளிக்குன்னு விக்கிற லிக்விட்ல என்சைம் இல்ல, கண்டிஷனர் கலக்கலன்னு லேபிள்ல பார்த்துட்டு கம்மியா போடலாம், என் ஃப்ரெண்டு ஒருத்தர் அப்படித்தான் பண்றார்.

இன்னொரு விஷயம் தண்ணி. எங்க வீட்ல சிறுவாணியும் வரும், போரும் இருக்கு. போர் தண்ணி உப்பு, சோப்பு போட்டா நுரையே வராம வெள்ளையா திரிஞ்சு போகும், அந்தத் திரி இறகுல ஒட்டினா அலசி எடுக்கவே முடியாது. அதனால முந்தின நாளே சிறுவாணித் தண்ணியைப் பிடிச்சு டிரம்ல வச்சுட்டேன். அலசுறதுக்குத்தான் தண்ணி ரொம்ப செலவாகும், கிட்டத்தட்ட 100 லிட்டர் ஆச்சு.

வெள்ளிக்கிழமை காலைல முதல் வேலையா ஜாக்கெட்டை கிச்சன் தராசுல வச்சு எடை பார்த்தேன், 412 கிராம். அப்புறம் ஜிப்பை மூடி தரையில விரிச்சுப் போட்டு நெஞ்சுப்பக்கம் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன், 4 செ.மீ. உயரம். இந்த ரெண்டு நம்பரும் நோட்ல எழுதி வச்சது பின்னாடி எவ்வளவு உதவுச்சுன்னு சொல்றேன்.

காலரையும் கைநுனியையும் மட்டும் முதல்ல அந்த வாஷ்ல கொஞ்சம் எடுத்து பழைய டூத் பிரஷ்ல மெதுவா தேய்ச்சு விட்டேன். அப்புறம் பெரிய பிளாஸ்டிக் டப்புல கைபொறுக்கிற வெதுவெதுப்புல தண்ணி, பாட்டில்ல போட்ட அளவுக்கு வாஷ், அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல. ஜாக்கெட் உள்ள போகவே மாட்டேங்குது, பலூன் மாதிரி மேல மேல வருது, ஏன்னா துணி தண்ணியை விடாது, உள்ள காத்து. ஒரு ஓரத்துல இருந்து அமுக்கிட்டே வந்து காத்தை வெளிய தள்ளணும், முழுசா நனையவே 10 நிமிஷம் ஆச்சு. கசக்கவே இல்ல, சப்பாத்தி மாவை அமுக்குற மாதிரி உள்ளங்கையால அமுக்கி அமுக்கி விட்டேன், தண்ணி டீத்தண்ணி கலர்ல வந்துச்சு. ஊறப்போட்டது 20 நிமிஷம்.

இங்க ரொம்ப கவனமா இருக்க வேண்டியது தூக்குறதுலதான். நனைஞ்ச ஜாக்கெட்டைத் தோளைப் பிடிச்சு தூக்கினா உள்ள இருக்கிற தண்ணி கனத்துல இறகெல்லாம் கீழ சரியும், உள்ள அறை அறையா பிரிச்சிருக்கிற தையல் கிழிஞ்சிரும், அப்புறம் அதை யாராலயும் சரிபண்ண முடியாது. ரெண்டு கையையும் அடியில கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி தூக்குற மாதிரிதான் தூக்கணும். முறுக்கிப் பிழியவும் கூடாது. அலசல் 5 தடவை, அஞ்சாவது தண்ணில அமுக்கினப்ப நுரை வரல, அப்பதான் நிறுத்தினேன். அலசலை நிறைய பேர் 2 தடவைல முடிச்சிர்றாங்க, மிச்சம் இருக்கிற சோப்பும் இழையை ஒட்ட வைக்கும்ங்கிறதால நான் இதுல மட்டும் அவசரப்படல.

அப்புறம் ஃப்ரன்ட் லோட் மெஷின்ல ஸ்பின் மட்டும் 400 ஸ்பீடுல ஒரு தடவை ஓட்டினேன். வெளிய எடுத்தா பார்க்கவே பயமா இருக்கும், ரெண்டு துணிக்கு நடுவுல அங்கங்க கட்டி கட்டியா ஈரப்பஞ்சு, மத்த இடம் வெறும் துணி. அம்மா பார்த்துட்டு "போச்சாடா, அவ்வளவு காசு குடுத்து வாங்கினது"ன்னாங்க, நனைஞ்ச வாத்து வாடையும் சேர்ந்து வந்துச்சு. ஆனா இது எல்லா டவுனுக்கும் நடக்கிறதுதான். எடை 742 கிராம், அதாவது 330 கிராம் தண்ணி இன்னும் உள்ளதான் இருக்கு.

டிரையர் இருந்தா குறைஞ்ச சூட்டுல 2, 3 டென்னிஸ் பந்தை உள்ள போட்டு சில மணி நேரம் ஓட்டுவாங்க, பந்து மோதி மோதி கட்டியை உடைக்கும். சூடு கூட வச்சா மெல்லிசு நைலான் உருகிரும். நம்மகிட்ட பந்துக்குப் பதிலா விரல்தான். கம்பி ஸ்டாண்டு மேல ஒரு துண்டு விரிச்சு அதுமேல ஜாக்கெட்டைப் படுக்க வச்சு, ஃபேனை நடு ஸ்பீடுல வச்சேன். உச்சி வெயில்ல போடல, மெல்லிசு நைலான் வெயில்ல சீக்கிரம் பலம் இழக்கும், காலை வெயில்ல அரை மணி நேரம் காட்டினதோட சரி.

இலவம்பஞ்சு தலையணையை வெயில்ல போட்டு தட்டுவோம்ல, அந்த நினைப்புல இதைத் தட்டக்கூடாது, ஈரமா இருக்கிறப்ப இழை முறியும். கட்டியை ரெண்டு பக்கமும் விரல்ல பிடிச்சு மெதுவா பிரிச்சு விடணும். முதல் 4 மணி நேரம் பிரிக்கவே வராது, பசை மாதிரி இருக்கும், விட்டுரணும். சாயங்காலம் 561 கிராமுக்கு வந்தப்பதான் முதல் கட்டி உதிர ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு அறையா பிரிச்சுட்டு திருப்பிப் போட்டேன். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஜாக்கெட்டுக்குள்ள மொபைல் டார்ச்சை வச்சுப் பாருங்க, எங்க கட்டி இருக்கோ அங்க கருப்பா தெரியும், பகல்ல கையில சிக்காத கட்டி 7, 8 அப்படித்தான் கிடைச்சுது.

சனிக்கிழமை காலை 468. சாயங்காலம் தொட்டுப் பார்த்தா நல்லா காய்ஞ்ச மாதிரியே இருந்துச்சு, உப்பியும் இருந்துச்சு, மடிச்சு உள்ள வச்சிரலாம்னுதான் தோணுச்சு. தராசுல வச்சா 431. துவைக்கிறதுக்கு முன்னாடியே 412தான், அப்ப குறைஞ்சது 19 கிராம் தண்ணி இன்னும் உள்ள ஒளிஞ்சிருக்கு, கைக்குத் தெரியல. வெளித்துணி முதல்ல காயும், கட்டியோட நடுப்பகுதி கடைசியாத்தான் காயும், இந்த நிலைமைல பைக்குள்ள போட்டா பூஞ்சை பிடிச்சு வாடை நிரந்தரமாயிரும். தராசு இல்லாதவங்க கன்னத்துல வச்சுப் பாருங்க, ஜில்லுனு பட்டாலோ, மூக்குல வாத்து வாடை வந்தாலோ இன்னும் ஈரம்தான்.

ஞாயிறு காலை 414, மதியம் 407, சாயங்காலம் 406, திங்கள் காலையும் 406. ரெண்டு தடவை அதே நம்பர் வந்த பிறகுதான் முடிச்சேன். முன்னாடி இருந்ததை விட 6 கிராம் குறைவு, அது அழுக்கும் எண்ணெயும் கொஞ்சம், ஏற்கனவே உறிஞ்சி வச்சிருந்த காத்து ஈரம் கொஞ்சம்னு நினைக்கிறேன். உயரம் 4 செ.மீ. இருந்தது 7 ஆயிருச்சு. தோள்பட்டைல விரலை அமுக்கி எடுத்தா உடனே எழும்புது.

சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல வெறும் ஃபேன் பத்தாது, டவுன் காத்துல இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிட்டு ஒரு இடத்துல நின்னுரும். அங்க இருக்கிற என் ஃப்ரெண்டு பகல்ல மொட்டை மாடி நிழல், ராத்திரி ஏசி ரூம்ல டிரை மோடுன்னு மாத்தி மாத்தி வச்சு 4 நாள்ல காய வச்சார். மழை நாள்ல இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

சரியாகாததும் ஒண்ணு இருக்கு. காலருக்குப் பின்னாடி ஒரு அறை இன்னும் சப்பைதான், டார்ச் வச்சுப் பார்த்தா அங்க கட்டியே இல்ல, இறகே குறைவு. பேக் ஸ்ட்ராப் உரசுற இடம், தையல் ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்திருக்கு. அதுக்குத் துவைக்கிறது மருந்து இல்ல, இறகு திரும்ப அடைக்கணும். இன்னொண்ணு, தையல்ல இறகு நுனி எட்டிப் பார்த்தா வெளிய இழுக்காதீங்க, பின்பக்கத்துல இருந்து துணியைப் பிடிச்சு உள்ளயே இழுத்து விடுங்க, வெளிய இழுத்தா ஓட்டை பெருசாகி அடுத்ததும் அது வழியாவே வரும்.

இப்ப ஜாக்கெட் அந்தச் சின்ன பைக்குள்ள இல்ல. அம்மாவோட பழைய காட்டன் புடவைல பெருசா ஒரு பை தைச்சு, அதுக்குள்ள அமுக்காம போட்டு பீரோ மேல வச்சிருக்கேன். 2 வாரம் கழிச்சு நேத்து எடுத்து அளந்தேன், 7 செ.மீ. அப்படியே இருக்கு.