பாடகன் மேடையில் ஏன் வெளிறினான்? அரியர் எழுதிய நாட்களில் எபிக்டெட்டஸிடம் கற்றது

மூன்றாம் செமஸ்டர் கணக்குத் தேர்வு. கேள்வித்தாளைப் புரட்டியதும் பதின்மூன்று மார்க் கேள்விகளில் இரண்டு பழக்கமில்லாத மாதிரி தெரிந்தன. உள்ளங்கை வியர்த்து மெயின் ஷீட்டின் ஓரம் நனைந்துவிட்டது. முதல் இருபது நிமிடம் நான் எதுவுமே எழுதவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது, பிளேஸ்மெண்ட்டுக்கு உட்கார விடுவார்களா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேப்பர் அரியர் ஆனது. ஹாஸ்டல் அறையில் அதே கணக்குகளைப் பத்து தடவை போட்டிருந்தேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த விடுமுறையில் எபிக்டெட்டஸைப் படித்தேன். நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவத்தின் பழங்கால ஆசிரியர் அவர். பிறப்பால் அடிமை, கால் ஊனம். பிறகு விடுதலை பெற்று ரோமில் பாடம் சொன்னார். பேரரசர் டொமிஷியன் தத்துவ ஆசிரியர்களை ரோமிலிருந்து விரட்டியபோது கிரேக்கத்தின் நிக்கோபொலிஸ் ஊருக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். அவரே எதையும் எழுதி வைக்கவில்லை. வகுப்பில் பேசியதை அர்ரியன் என்ற மாணவர் குறித்து வைத்தார். அதனால் அந்த உரைகள் நம்மைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசுவது போலவே இருக்கும்.

'சில நம் கையில் உள்ளன, சில இல்லை' என்ற அவருடைய வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அது முதலில் உதவவில்லை. மார்க் என் கையில் இல்லை என்பது தெரிந்த விஷயம்தானே, தெரிந்தும் நடுங்குகிறதே என்று தோன்றியது. உதவியது, உரைகளின் இரண்டாம் புத்தகத்தில் பதற்றத்தைப் பற்றி வரும் பகுதி. பதறுகிற ஒருவனைப் பார்த்தால், 'இவனுக்கு என்ன வேண்டுமாம்?' என்று கேட்பேன் என்கிறார். தன் கையில் இல்லாத ஒன்றை விரும்பாதவன் எப்படிப் பதறுவான்? யாழ் மாதிரியான வாத்தியத்தை மீட்டிப் பாடும் ஒருவனை உதாரணம் காட்டுகிறார். தனியாகப் பாடும்போது அவனுக்குப் பதற்றமே இல்லை. அரங்கத்தில் ஏறியதும் பதறுகிறான். குரலும் அதேதான், வாத்தியமும் அதேதான். ஆனால் இப்போது அவன் நன்றாகப் பாட மட்டும் விரும்பவில்லை, கைதட்டலும் வாங்க விரும்புகிறான். எந்த நரம்பை எப்படி மீட்டுவது என்று அவன் கற்றிருக்கிறான். கூட்டத்தின் பாராட்டு என்றால் என்ன, வாழ்க்கையில் அதற்கு என்ன பெறுமதி என்பதை மட்டும் அவன் கற்கவே இல்லை. நடுங்காமல் என்ன செய்வான்?

இந்தப் பத்தியைப் படித்தபோது ஹாஸ்டல் மேசையும் தேர்வு ஹாலும் சேர்ந்து கண்முன் வந்தன. எனக்கு ஃபூரியர் தொடர் தெரியும். ஐம்பது மார்க் என்றால் என்ன, அது என் வாழ்க்கையில் எதை முடிவு செய்கிறது, எதை முடிவு செய்யாது என்று ஒரு நாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை. அதனால் அரியர் தேர்வுக்கு முன்னால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'எனக்கு இன்று என்ன வேண்டும்?' என்று எழுதி, வந்த பதில்களையெல்லாம் மறைக்காமல் போட்டேன். பாஸ் ஆக வேண்டும். அப்பா திட்டக் கூடாது. ரூம்மேட்டை விடக் குறைந்துவிடக் கூடாது. எளிதான கேள்வி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் கையில் இருக்கிறது என்று எழுதினேன். பேப்பர் திருத்துபவர், அப்பா, ரூம்மேட், கேள்வி எடுத்தவர் என்று நான்கும் பிறர் கையில் இருந்தன. அப்புறம் ஐந்தாவதாக ஒன்று எழுதினேன்: 'முன்னால் இருக்கும் கேள்வியில் எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த வரைக்கும் எழுதுவது.' ஹாலுக்குள் இதை மட்டும் விரும்புவது என்று தீர்மானித்தேன்.

மறுபடியும் உள்ளங்கை வியர்த்தது. இங்கேதான் பலர் ஸ்டோயிக் தத்துவத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். பதற்றம் வந்துவிட்டதே, எனக்கு இது வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதற்கு ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். ஜெல்லியஸ் ஏறிய, இத்தாலிக்குப் போகும் கப்பல் இரவில் புயலில் சிக்குகிறது. அதில் பயணம் செய்த பெயர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் மற்றவர்களைப் போலவே வெளிறிப் போகிறார், அலறவில்லை என்பதுதான் வித்தியாசம். புயல் அடங்கிய பிறகு ஜெல்லியஸ் அவரிடம் காரணம் கேட்கிறார். அவர் பையிலிருந்து எபிக்டெட்டஸ் உரைகளின் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் புத்தகம் இன்று நம்மிடம் இல்லை, ஜெல்லியஸ் எடுத்துச் சொன்ன இந்தப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. திடீர்ச் சத்தமோ ஆபத்தோ வந்தால் ஞானிக்கும் உடல் அதிரும், முகம் வெளிறும், அது மனதின் தீர்ப்புக்கு முன்பே நடந்துவிடுகிறது என்கிறது அது. 'ஆமாம், இது பயங்கரம்தான்' என்று அதற்கு ஒப்புதல் கொடுப்பதும் கொடுக்காததும்தான் நம்முடையது. எபிக்டெட்டஸின் பட்டியலில் உடலே நம் கையில் இல்லாதவற்றில்தான் வருகிறது. ஆகவே வியர்வையைத் துடைத்துவிட்டு, 'வியர்க்கிறது, சரி' என்பதோடு நிறுத்தினேன். 'வியர்க்கிறது, அதனால் போச்சு' என்ற இரண்டாம் பாதிக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை.

மார்க் நம் கையில் இல்லை என்றால் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. பகடையில் என்ன விழும் என்பது என் கையில் இல்லை, விழுந்ததைக் கவனமாகவும் திறமையாகவும் ஆடுவதுதான் என் வேலை என்கிறார். தாயம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். தாயம் விழவில்லையே என்று கட்டையை முறைத்துக்கொண்டிருப்பவன், விழுந்த மூன்றை எந்தக் காய்க்கு வைப்பது என்று பார்க்கத் தவறுவான்.

அன்று எனக்கு விழுந்தது, -π முதல் π வரை `f(x) = x²` என்பதன் ஃபூரியர் தொடரைக் கண்டு, அதிலிருந்து `1 + 1/4 + 1/9 + …` என்ற தொகையை வருவிக்கும் கேள்வி. கடைசிப் படி நினைவில் இல்லை. முதல் தடவை என்றால் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். இந்தத் தடவை தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன். இது இரட்டைச் சார்பு, எனவே `bₙ = 0`. சூத்திரத்தை எழுதி, `a₀` கண்டுபிடித்து, பகுதித் தொகையிடலில் `aₙ = 4(-1)ⁿ/n²` வரை வந்தேன். தொடரை முழுதாக எழுதிப் பார்த்தபோது, `x = π` போட்டால் குறிகள் எல்லாம் நேராகிவிடும் என்பது கண்ணில் பட்டது. `π²/6` வந்தது. வராமல் போயிருந்தாலும் அதுவரை எழுதிய படிகள் தாளில் இருந்திருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருந்தால் இந்த நோட்டுப் பக்கம் போதாது. உடல் நம் கையில் இல்லை என்று எபிக்டெட்டஸே சொல்கிறார். மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது என்ற முடிவு உங்கள் கையில் இருப்பவற்றில் ஒன்று.

ரிசல்ட் அன்று இணையப் பக்கம் அரை மணி நேரம் திறக்கவில்லை. கை மறுபடி நடுங்கியது. கணக்கில் பாஸ். அதே செமஸ்டரில் எழுதிய இன்னொரு பேப்பர் போய்விட்டது. அன்று இரவே நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, 'எனக்கு இப்போது என்ன வேண்டும்?' என்று எழுதினேன். பிறர் கையில் இருந்தவற்றைக் கழித்த பிறகு ஒரே வரி மிஞ்சியது: விடைத்தாளின் ஃபோட்டோகாப்பிக்கு விண்ணப்பித்து, எங்கே விட்டேன் என்று பார்ப்பது.