காரணம் மூன்று மாதம் முன்னால் இருந்தது

மகள் பிறந்து நான்காவது மாதம். தலைக்குக் குளித்துவிட்டு விரலால் கோதினால் முடி கொத்தாகக் கையோடு வந்தது. ஷாம்பூவை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், தண்ணீரைக் குறை சொன்னேன். "பால் கொடுக்கிறதாலதான் கொட்டுது"ன்னு அம்மா சொன்னாங்க. நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, அதற்கு முன் தோல் மருத்துவரைப் பார்த்தேன்.

அவர் முதலில் கேட்டது, "மூணு நாலு மாசம் முன்னாடி உங்களுக்கு என்ன நடந்துச்சு?" பிரசவம்தான், வேறென்ன. நான் போன வாரத்தில் தேடிக்கொண்டிருந்த காரணம் அங்கே இருந்தது. கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருப்பதால், இயல்பாக உதிர வேண்டிய முடியும் வளர்ச்சி நிலையிலேயே தங்கிவிடுகிறது. பிரசவமானதும் ஹார்மோன் இறங்க, ஏராளமான முடி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போகிறது. அந்த ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். அது முடிந்ததும் சேர்ந்தாற்போல் உதிர்கிறது. டீலோஜன் எஃப்ளூவியம் என்று இதற்குப் பெயர். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை என்றும் சொன்னார். கடுங்காய்ச்சலுக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கும் பிறகும் இதே கணக்குதானாம்.

உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து நுனியைக் காட்டினார். வேர்ப்பக்கம் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை முடிச்சு. ஓய்வு முடிந்து தானாகக் கழன்ற முடி அப்படித்தான் இருக்குமாம். உடைந்த முடியில் அது இருக்காது. பிறகு உச்சியிலும் காதோரத்திலும் வகிடு எடுத்துப் பார்த்தார். உச்சி வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ அது வேறு பிரச்சினை. எனக்குத் தலை முழுக்க ஒரே சீராக அடர்த்தி குறைந்திருந்தது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபினும் பரவாயில்லை. ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 14தான். அதற்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். முடிக்கென்று எதுவும் எழுதவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஏழாவது மாதம் கொட்டுவது குறையத் தொடங்கி, ஒன்பதாவது மாதத்தில் பழைய அளவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் பின்னல் மட்டும் இன்னும் எலிவால் மாதிரியே இருந்தது. என்னை அதிகம் கலங்கடித்தது இந்தக் கட்டம்தான். உதிர்வது நின்றால் உடனே அடர்த்தி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். புதிதாக முளைத்தது பின்னலுக்குள் வர வேண்டுமென்றால் தோள் வரையாவது நீள வேண்டும். முப்பது சென்டிமீட்டர் என்று வைத்தாலும் இரண்டரை வருடம்.

அதனால் பின்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நெற்றியோரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மகளின் முதல் பிறந்தநாள் படங்களில் என் நெற்றிக்கு மேலே விரல் நீளத்துக்குக் குட்டி முடிகள் சீப்புக்கு அடங்காமல் குத்திட்டு நிற்கின்றன.