முகமாற்று மாடல் வைவா: என்கோடர் மட்டும் ஏன் ஒன்று?

பெங்களூரில் எம்.டெக். ப்ராஜெக்டுக்கு, ஒருவர் முகத்தின் இடத்தில் இன்னொருவர் முகத்தை வைக்கும் முகமாற்று மாடலை எடுப்பவர்கள் வைவாவில் தடுமாறும் கேள்வி இது: "டீகோடர் ஆளுக்கொன்று வைத்திருக்கிறீர்கள், என்கோடரையும் அப்படியே வைத்தால் என்ன?" வேலை செய்யாது என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி "ஏன்?" என்று வரும்.

என்கோடர் முகப் படத்தைச் சில எண்களாகச் சுருக்கும், டீகோடர் அந்த எண்களிலிருந்து முகத்தை மறுபடி வரையும். 2017-இல் பரவிய அடிப்படை அமைப்பில் 64×64 படம் உள்ளே போகிறது. மூன்று நிறத்துக்கும் சேர்த்து 12,288 எண்கள். என்கோடர் அதை 1,024 எண்களாகச் சுருக்கும். ஆளுக்கொரு என்கோடர் இருந்தால் அந்த எண்களுக்கு ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் பொருள் வைத்துக்கொள்ளும். ஒன்றில் 37-வது எண் வாய் திறப்பு, மற்றதில் தலைச் சாய்வு. (பேச்சுக்குத்தான் இப்படி, உண்மையில் ஒரு பாவனை பல எண்களில் பரவிக் கிடக்கும்.) ஒருவரின் என்கோடர் எழுதியதை மற்றவரின் டீகோடரால் படிக்க முடியாது. அதனால் A, B இருவருக்கும் என்கோடர் ஒன்றுதான். a, b அவர்களின் படங்கள்:

```
loss_A = mae(dec_A(enc(warp(a))), a)
loss_B = mae(dec_B(enc(warp(b))), b)
swap   = dec_B(enc(a))
```

மூன்றாவது வரி பயிற்சியில் ஒருமுறைகூட நடப்பதில்லை. இரண்டு பேரின் குறியீடும், அதாவது அந்த 1,024 எண்களும், ஒத்துப்போக வேண்டும் என்று பிழையை அளக்கும் லாஸில் எங்கும் எழுதவில்லை. ஒத்துப்போகக் காரணம் வேறு: என்கோடரின் ஒரே எடைகளை இருவர் படங்களும் மாறிமாறித் திருத்துகின்றன. யார் முகம் என்பது டீகோடருக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் இருக்கும் கொஞ்ச இடத்தை என்கோடர் தலைத் திருப்பம், கண், வாய், வெளிச்சம் ஆகியவற்றுக்கே செலவிடுவது லாபம். `warp` படத்தை நெளித்துக் கொடுத்து நேரான படத்தைக் கேட்கிறது. முகத்தின் சரியான வடிவத்தை டீகோடர் மனப்பாடம் செய்தாக வேண்டும்.

கட்டாயம் இல்லாததால் இது சறுக்கவும் செய்யும். ஒப்புதல் தந்த இரு நண்பர்களில் A-யை மடிவாளா பிஜி அறை ட்யூப்லைட்டிலும், B-யைக் கப்பன் பார்க் வெயிலிலும் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். நிறத்தைப் பார்த்தே ஆளைப் பிரிக்கலாம் என்பதால் குறியீடுகள் இரண்டு தனிக் குவியலாக ஒதுங்கிவிடும். லாஸ் இரண்டும் அழகாக இறங்கும். மாற்றிய முகம் மட்டும் கலங்கி, A சாயலோடு வரும். லாஸ் கிராஃபைக் காட்டி நிம்மதி அடைபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

சோதிப்பது எளிது. பயிற்சியில் சேராத படங்களை இருவரிலும் சம எண்ணிக்கையில் எடுத்து, அவற்றில் ஒரு பகுதியின் 1,024 எண்களைக் கொண்டு, A-வா B-யா என்று சொல்ல ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷனைப் பழக்குங்கள். மீதிப் படங்களில் ஏறக்குறைய எப்போதும் சரியாகச் சொன்னால் குவியல் பிரிந்திருக்கிறது. 50 சதவீதத்தை நெருங்க நெருங்க நன்றாகக் கலந்திருக்கிறது. பிரிந்திருந்தால் A படங்களின் சராசரி நிறத்தை B-யின் சராசரிக்கு நகர்த்திப் பாருங்கள். ஆனால் B பக்கவாட்டில் திரும்பிய படமே இல்லையென்றால் நிறத்திருத்தம் உதவாது. A திரும்பும் ஃப்ரேம்கள் மங்கத்தான் செய்யும். B-யை மறுபடி உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டியதுதான்.